தராசில் முதலில் அழுதது யார்

வெல்டருக்குக் கையெழுத்து சுமார்தான். ஆனால் வீட்டில் எழுத வேண்டியதெல்லாம் அவர் பொறுப்பு. இரட்டைப் பிள்ளைகள் பிறந்த பிறகு ஆளுக்கொன்றாய்த் தூக்கியதில் எழுதக் கை மிஞ்சவில்லை. அதனால்தான் குழந்தை மருத்துவரிடம் அனுமதி கேட்டு, அவர் சொன்னதையெல்லாம் செல்போனில் பதிவு செய்திருந்தார்.

அந்தப் பதிவு எடுத்தபோது பிள்ளைகள் இரண்டு பேர். இப்போது மகள் மட்டும். மகன் நிமோனியாவில் போய்விட்டான். அந்த வீட்டில் அதற்குப் பிறகு மருந்துக் குப்பியை யாரும் தொடவில்லை.

நாளை மகளுக்கு அடுத்த தடுப்பூசி. கிளினிக் நர்ஸ் போன் செய்தார்.

"இரும்புச்சத்து சொட்டு மருந்து தொடர்ந்து குடுக்கிறீங்களா தம்பி?"

"இல்லக்கா. விட்டுட்டோம்."

"குறைமாசக் குழந்தை, விடக்கூடாது. அளவு கூடிறவும் கூடாது. எங்க சீட்டுல மருந்து பேரு மட்டும்தான் இருக்கு. டாக்டர் சொன்ன அளவைப் பதிவுல கேட்டு எழுதிட்டு வாங்க. நாளைக்கு எடை பார்த்து டாக்டர் மறுபடி சொல்வாரு."

செல்போனில் இருந்த செயலியே பதிவைச் சுருக்கி அட்டவணை போட்டுத் தந்தது. ஊசிக்கான தேதி சரி. வைட்டமின் டி சொட்டு தினம் ஒரு வேளை, அதுவும் சரி. இரும்புச்சத்துக்கு மட்டும் முக்கால் மில்லி என்று ஒரு வரி, அரை மில்லி என்று இன்னொரு வரி. எது யாருக்கு என்று இல்லை.

மாடிப்படியில் உட்கார்ந்து பதிவைக் கேட்டார். மருத்துவர் இரண்டையுமே "தங்கம்" என்றுதான் கூப்பிட்டிருந்தார். தராசில் ஒரு அழுகை, "தங்கத்துக்கு முக்கால்." பிறகு இன்னொரு அழுகை, "இந்தத் தங்கத்துக்கு அரை." திரும்பத் திரும்பக் கேட்டும் அவருக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தது. சின்ன அளவையே எழுதிவிடலாமா என்று நினைத்தார். ஊகத்தில் பிள்ளைக்கு மருந்து கொடுக்க மனம் வரவில்லை.

பிரித்துச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான். மகனின் அழுகை இருக்கும் இந்தப் பதிவை அவளிடம் மறைத்தே வைத்திருந்தார்.

மகளை மடியில் போட்டிருந்த மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதே."

"மாடிப்படில என்ன கேட்டீங்கன்னு எனக்குத் தெரியும். சுவர் என்ன இரும்பா?"

அவர் ஒலியைக் குறைத்துப் போட்டார். முதல் அழுகை தொடங்கியதுமே அவள் மகளை இறுக்கிக்கொண்டாள்.

"அவன். மூச்ச இழுத்து இழுத்து அழுவான்."

"நிறுத்திடவா?"

"நிறுத்தாதீங்க. இவளோடது வரட்டும்."

அவன் அழுது முடியும்வரை இருவரும் காத்திருந்தார்கள். நடுவில், பதிவில், வெல்டரின் குரலே சிரித்தபடி "அடேயப்பா, கோவத்தைப் பாரு" என்றது. பிறகு இரண்டாவது அழுகை வந்தது.

"இது இவ," என்றாள். "அரை."

அவர் எழுதினார். எழுத்து கோணலாகப் போனது. அவள் குப்பியை எடுத்துவந்து, அளவுக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து அரையில் நிறுத்தினாள். மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள்.

"முதல்ல இருந்து இன்னொரு தடவ போடுங்க," என்றாள் அவள்.

"அளவுதான் தெரிஞ்சுபோச்சே."

"அளவுக்கு இல்லீங்க."