சிவப்புக் கோடு விழாத வரி

ஹட்டனில், நிலப் பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு ஒருவரின் அலுவலகத்தில் பல வருடங்கள் அந்தக் காணி உறுதிகளைத் தட்டச்சு செய்தவள் நான். தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்டவர்களின் வாயை வேலையாலேயே அடைத்தேன். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு.

எனக்கொரு பழக்கம் இருந்தது. கையெழுத்துக்கு முன்னால் உறுதியை உரியவர்களுக்கு உரக்க வாசிப்பேன். 'முதலாம் தரப்பினர்' என்று வரும் இடத்தில் 'நீங்க' என்பேன். 'இரண்டாம் தரப்பினர்' வந்தால் 'உங்க மகன்', 'உங்க தம்பி' என்று ஆளுக்கு ஏற்றபடி சொல்வேன்.

இரண்டாயிரத்துப் பத்தை நெருங்கிய ஆண்டுகளில், பிழையான சொல்லின் கீழே சிவப்புக் கோடு போடும் தமிழ்ச் சொற்பிழை திருத்தி எங்கள் கம்ப்யூட்டருக்கு வந்தது. யாழ்ப்பாணத்துக்காரரான நொத்தாரிசு பூரித்துப்போனார்.

"சிவப்புக் கோடு இல்லையெண்டால் பிழையில்லை. இனி உம்மட வாசிப்பு வேண்டாம், பிள்ளை. கடைசியில நான் ஒருக்கா வாசிக்கிறன்தானே."

எனக்குக் கோபம் சுருக்கென்று வந்தது. ஆனாலும் தலையாட்டினேன்.

அந்த வாரம் கினிகத்தேனையிலிருந்து ஓர் அம்மா மகனோடு வந்தார். முப்பது வருடம் கொழுந்து பறித்துச் சேர்த்த காசில் வாங்கிய வீட்டை மகனுக்கு நன்கொடையாக எழுத வேண்டும். சாகும்வரை அதில் வாழும் சீவிய உரித்து மட்டும் தனக்கு வேண்டும். அதை மூன்று தடவை சொன்னார்.

எங்கள் வழக்கப்படி கம்ப்யூட்டரில் இருந்த பழைய உறுதி ஒன்றின் பிரதியைத் திறந்து, விவரங்களை மாற்றி அதன் மேலேயே புதியதை அடித்தேன். திருத்தி 'கினிகத்தேனை'க்கும் 'சீவிய உரித்து'க்கும் கோடு போட்டது. இரண்டும் சரியான சொற்கள், அதற்குத்தான் தெரியவில்லை. மற்ற வரிகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. அச்சடித்தேன்.

நொத்தாரிசு உள்ளே வேறு ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார். மனம் கேட்கவில்லை. அந்த அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து என் பாணியிலேயே வாசித்தேன்.

"உங்க மகன் உசுரோட இருக்கிற வரைக்கும் வீட்டுல குடியிருக்கிற சீவிய உரித்து அவருக்குத்தான்..."

"அப்ப நானு எங்கம்மா போறது?" என்றார் அவர்.

மகன் திடுக்கிட்டு எழுந்தார். "ஐயோ, நாங்க அப்படிச் சொல்லவே இல்லீங்க!"

பழைய உறுதியை எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டேன். அதில் வீட்டைக் கொடுத்தவர் இரண்டாம் தரப்பு, சீவிய உரித்தும் அவருக்கே. இதில் கொடுக்கிற தாய் முதலாம் தரப்பு. அந்த ஒரு வரியை மட்டும் நான் மாற்றாமல் விட்டிருந்தேன். 'இரண்டாம்' என்பதில் எழுத்துப்பிழை எதுவும் இல்லையே, திருத்தி என்ன செய்யும்? அது சொல்லைப் பார்த்தது. வீடு யாருடையது என்று அதற்குத் தெரியாது.

தவறு என்னுடையதுதான் என்று நொத்தாரிசிடம் போய்ச் சொன்னேன். அவர் தாளை வாங்கி அந்த வரியைப் பார்த்தார். திட்டவில்லை. நான் திருத்தி அச்சடித்து வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீரே வாசியும், பிள்ளை. உம்மட மாதிரியே வாசியும்."

வாசித்தேன். "நீங்க உசுரோட இருக்கிற வரைக்கும்" என்ற இடம் வந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொருக்கா வாசிங்கம்மா," என்றார்.