உரிமையாளர் யார் என்று கேட்டு ஒரு மெயில்

எண்ணூரில் லாரி வேலை அலுத்துப்போனபோது, ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றுக்கடையில் சேர்ந்தேன். கணவர் இறந்தபிறகு கடையை நடத்தியவர் ஓர் அக்கா. மூட்டை தூக்குவதும், ஏதோ படித்தவன் என்பதால் மெயில் பார்ப்பதும் என் வேலை.

அது மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்து படகுகள் கிளம்புவதற்குள் நைலான் கயிறு வந்து இறங்கினால்தான் அக்காவுக்கு அந்த வருட வியாபாரம். வழக்கமான மொத்தக்கடை, சரக்கைப் பக்கத்துக் கடைக்கே தள்ளிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மாதவரத்திலிருந்து ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், நேரடியாகச் சரக்கு தருகிறேன், முன்பணம் கட்டுங்கள் என்று போனில் சொன்னார்.

"யாரோட ஆளுன்னே தெர்ல, துட்டு கட்டுன்றான்," என்றார் அக்கா. "மெயிலு போடுப்பா. ஓனரு யாருன்னு கேளு. பேப்பர்ல ஒர்த்தன், தண்ணில ஒர்த்தன்னு எத்தினி படகு பாத்துக்கீறேன்."

அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழ், தனி உரிமையா கூட்டா, உரிமையாளர் பெயர், குடோன் முகவரி, கயிறு கம்பெனி கொடுத்த அனுமதிக் கடிதம். கடைசியில், "பேப்பர்ல கீறவனும் போன்ல பேசுறவனும் ஒர்த்தன்தானான்னும் கேளு" என்றார். அதைக் கொஞ்சம் மரியாதையாக மாற்றி எழுதி, கீழே எங்கள் கடையின் ஜிஎஸ்டி எண்ணையும் போட்டேன்.

மறுநாளே எல்லாம் வந்தது. பதிவு அந்த டிஸ்ட்ரிபியூட்டரின் மனைவி பெயரில். வியாபாரம் பார்க்கக் கணவருக்கு அதிகாரக் கடிதம். அவர்கள் எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தேன். அதே பெயர், பதிவும் நடப்பில் இருந்தது. மெயிலின் கடைசி வரி: "உங்கள் ஜிஎஸ்டி எண்ணில் உரிமையாளராக ஓர் ஆணின் பெயர் வருகிறது. அவர் யார்?"

அது அக்காவின் கணவர் பெயர்; வரியை அவருக்குப் படித்துக் காட்டினேன். "அவுரு பூட்டாருன்னு எழுது," என்றார்.

பழைய எண்ணுக்கு பில் போட முடியாது, புது எண் வாங்குங்கள், கயிற்றை வேறு யாருக்கும் தராமல் வைக்கிறேன் என்று பதில் வந்தது. வண்ணாரப்பேட்டையில் கடைக்கு வரிக்கணக்கு பார்ப்பவரிடம் போனோம்.

"அவர் இறந்ததை ஏம்மா என்கிட்ட சொல்லலை? அந்தப் பதிவு அவரோட முடிஞ்சுபோச்சு. வாரிசா உங்க பேர்ல புதுசு எடுக்கணும். மாசாமாசம் நான் கணக்கு போடும்போது அவர் போனுக்கு வர்ற ஓடிபியைச் சொன்னது யாரு?"

"அவுரு போனு எங்கிட்டதான கீது. நம்பர் கேட்ட, சொன்னேன். ஆளு கீறாரான்னு கேட்டியா நைனா?"

கணக்கு பார்ப்பவர் தலையைச் சொறிந்துகொண்டு, இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் கேட்டார். விண்ணப்பத்துக்கு அக்காவின் போட்டோவை நான்தான் கடை வாசலில் எடுத்தேன்.

புது எண் வந்து கயிறு இறங்கியபோது படகுகள் கிளம்பிவிட்டிருந்தன. முதல் வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போனது.

"கயிறு அறுவாமயா பூடும்? வருவானுங்க," என்றார் அக்கா.

பெயிண்டர் வந்து கடைப் பலகையில் பழைய ஜிஎஸ்டி எண்ணை அழித்தார். மேலே இருந்த கணவர் பெயரையும் அழிக்கட்டுமா என்று கேட்டார்.

"அது கடை பேரு. அது இருக்கட்டும்," என்றார் அக்கா.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.