மெர்லின் சென்டரில் எடுத்த படம்

சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ்கள் வரிசையாக இருக்கும் தெருவில், டயர் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே மெர்லினின் சென்டர் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வெளிர் பச்சைச் சுவர், அதில் வேளாங்கண்ணி மாதா படம். சேலத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர் மெர்லின். பர்மிட் புதுப்பிப்பது, பாஸ்டேக் போடுவது, லைசென்ஸ் முகவரி மாற்றுவது என்று ஒன்பது வருடமாக லாரிக்காரர்களின் காகித வேலையெல்லாம் அவர் கையில்தான்.

நாலைந்து வருடமாக ஒரு புது வேலை சேர்ந்துகொண்டது. லோடு பிடித்துக் கொடுக்கும் வெப்சைட்டுகள் வந்தன. வண்டியையும் ஓட்டுநரையும் அதில் பதிந்தால், எந்த ஊரில் எந்தச் சரக்கு காத்திருக்கிறது என்பது போனிலேயே தெரியும். ஆனால் பதிவின் கடைசிப் படியில் எல்லாரும் தடுக்கி விழுந்தார்கள். லைசென்ஸை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒரு செல்ஃபி எடுத்து அனுப்பு என்றது வெப்சைட்.

நாக்பூர், கௌஹாத்தி என்று பதினாறு சக்கரத்தைத் தனியாளாக ஓட்டிப் போய்த் திரும்பும் ஆட்கள், ஒரு சின்ன அட்டையைப் பிடிக்கத் தெரியாமல் தவிப்பதை மெர்லின் தினமும் பார்த்தார். கட்டைவிரல் நம்பரை மறைக்கும். அட்டையில் வெளிச்சம் பட்டு எழுத்து வெளுத்துப்போகும். "அந்தச் சுவத்துப் பக்கம் நில்லுங்கண்ணா, நான் எடுக்கறேன்" என்று அவரே எழுந்து வந்து எடுப்பார்.

எருமப்பட்டித் தண்டாயுதபாணியும் அப்படி வந்து நின்றவர்தான். ஐம்பத்து மூன்று வயது, சொந்தமாக ஒரே ஒரு லாரி, அதற்கு ஓட்டுநரும் அவரே.

"ஏனுங்கம்மிணி, அட்டைலயே என்ற மூஞ்சி இருக்குதுங்களே. அப்பறம் என்னத்துக்கு இன்னொரு மூஞ்சி?" என்று கேட்டார்.

"உங்க லைசென்ஸ யாராச்சும் ஜெராக்ஸ் எடுத்து வச்சிருந்தா, அத அனுப்பி நான்தான் தண்டாயுதபாணின்னு சொல்லிடலாம் இல்லீங்களா? அட்டை யார் கைல வேணா இருக்கும். அட்டைக்குரிய ஆளே அத கைல பிடிச்சிட்டு நிக்கிறாரான்னு பாக்கறாங்க. அட்டைல இருக்கற முகமும் நிக்கற முகமும் ஒத்துப்போனா நம்பிச் சரக்க ஏத்திவிடுவாங்க."

"சரிதானுங்க. ஊரு பேரு தெரியாதவன்கிட்ட யாரு சரக்கு குடுப்பாங்க" என்று அவர் சிரித்தபடி நின்றார். மெர்லின் அவர் போனிலேயே படம் எடுத்து, தன் கம்ப்யூட்டருக்கு மாற்றி அனுப்பினார். மறுநாளே பதிவு உறுதியானது. நல்ல லோடுகள் கிடைத்தன. அதோடு இருவரும் அதை மறந்துவிட்டார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தண்டாயுதபாணி சென்டருக்குள் வந்தார். பின்னாலேயே ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். பெயர் மதுமதி. தண்டாயுதபாணியின் முகம் வெளிறியிருந்தது.

மதுமதி உட்காரவில்லை. போனில் ஒரு படத்தைத் திறந்து மெர்லினிடம் நீட்டினார். லைசென்ஸைப் பிடித்தபடி தண்டாயுதபாணி. அவருக்குப் பின்னால் வெளிர் பச்சைச் சுவர், மாதா படத்தின் ஒரு மூலை.

"இது இங்க எடுத்ததுதானே?"

"ஆமாங்க மேடம். நான்தான் எடுத்தேன்."

"கரூர்ல ஒருத்தர் ஒரு வண்டி நிறைய பெட்ஷீட்டு மூட்டை ஏத்திவிட்டிருக்கார். இன்னொரு லோடு வெப்சைட்ல இந்தப் படத்தையும் இந்த லைசென்ஸயும் காட்டி வண்டி புக் ஆகியிருக்கு. பத்து நாளாச்சு. சரக்கும் வரல, வண்டியும் காணோம். இவரு அந்த வெப்சைட்டே தெரியாதுங்கறார். அப்ப படம் எங்கிருந்து போச்சு? உங்க சென்டர்ல இருந்தா?"

மெர்லின் பயந்தார். ஆனால் அந்தப் பயத்துக்கு முன்னால் வந்தது வேறொன்று. தன் சுவர். காலையில் தான் துடைக்கும் சுவர், மாதா படத்தின் அந்த மூலை, எங்கோ முகம் தெரியாத ஆட்களின் போன்களில் சுற்றி, ஒரு லாரிச் சரக்கையே கிளப்பிக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்து நிற்கிறது. ஒரு படத்துக்கு இவ்வளவு பலமா என்று அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க மேடம்" என்று தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். வந்த படங்கள் தானாகச் சேரும் கோப்புறையைத் திறந்தார். காலியாக இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தார். வேலை முடிந்ததும் அழித்துவிடுவதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். பரபரப்பான நாட்களில் அழிக்காமல் விட்டது ஞாபகத்தில் இல்லை.

திரை நிரம்பியது. கீழே உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. முந்நூற்றுப் பதினொரு படங்கள். அத்தனை பேரும் அதே பச்சைச் சுவருக்கு முன்னால், அட்டையைக் காதோரம் பிடித்துக்கொண்டு, இமைக்காமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரமத்தி வேலூர் வெற்றிலை வண்டிக்காரர், டேங்கர் ஓட்டும் இரட்டைச் சகோதரர்கள், போன மாதம் தவறிப்போன கஸ்பார் அண்ணன். ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த தேதியும் நம்பரும் முகமும் ஒரே சட்டத்துக்குள். எந்த வெப்சைட் கேட்டாலும் கொடுக்கத் தயாராக.

கோயிலுக்குள் நுழைந்ததுபோல மதுமதி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் வெளிய போயிருந்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நான் எங்கயும் அனுப்பல மேடம். ஆனா இவ்ளோ நாளா பூட்டாம வச்சிருந்திருக்கேன்" என்றார் மெர்லின். "பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம். இவங்க முகத்த எப்படி மாத்தறது?"

மதுமதி யோசித்துவிட்டுத் தண்டாயுதபாணியிடம் திரும்பினார். "இந்தப் படத்த உங்க போன்ல இருந்து யாருக்காச்சும் அனுப்புனீங்களா?"

"இல்லீங்க மேடம். எனக்கு அனுப்பவே தெரியாதுங்க."

"போனக் குடுங்கண்ணா" என்று மெர்லின் வாங்கினார். படம் எடுத்த தேதியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆறாம் நாள் ஒரு செய்தி. உங்கள் பதிவு நிறுத்தப்பட்டுள்ளது, இன்றே மறுபடி சரிபார்க்காவிட்டால் லோடு கிடைக்காது, கீழே தொடுங்கள். லோடு வெப்சைட்டின் அதே சின்னம், அதே நிறம். முகவரியில் மட்டும் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது.

தண்டாயுதபாணி தலையில் கைவைத்தார். "ஆமாங்க. டீசல் போட நின்னப்ப வந்துச்சு. தொட்டேன். படம் கேட்டுது. போன்ல இருந்த இதயே குடுத்துட்டனுங்க. லோடு போயிருமேன்னு பயந்து." அவர் குரல் இறங்கியது. "அப்ப என்ற கைல இருந்துதான் போயிருக்குது."

"அந்தப் போலி வெப்சைட்டுக்கு இந்தப் படத்தச் சேக்கறது மட்டும்தான் வேலை" என்றார் மதுமதி. "நிஜமான ஆள், நிஜமான அட்டை. இத வாங்கி இன்னொரு இடத்துல குடுத்தா அவங்க எப்படிச் சந்தேகப்படுவாங்க? பொய்யே இதுல இல்லியே."

அந்த வார்த்தை மெர்லினுக்குள் இறங்கியது. திருடனைத் தடுக்கத்தான் வெப்சைட்டுகள் இந்தப் படத்தைக் கேட்கத் தொடங்கின. திருடன் அந்தப் படத்தையே தேடி வந்துவிட்டான். சாவி போட்டுப் பூட்டிய வீட்டுக்குள், வீட்டுக்காரரின் முகத்தோடேயே நுழைந்துவிட்டான்.

அன்று மாலைக்குள் மற்றவை தெளிந்தன. கரூரில் சரக்கு ஏறிய நாளில் தண்டாயுதபாணியின் வண்டி விஜயவாடா டோல்கேட்டைக் கடந்திருந்தது பாஸ்டேக் கணக்கில் பதிவாகியிருந்தது. அந்தப் போலிப் பதிவிலிருந்த போன் நம்பர் அவருடையது அல்ல. சரக்கேற்றிய வண்டியின் நம்பர் பலகையும் போலி. மதுமதி அவரைச் சந்தேகத்திலிருந்து விடுவித்தார். சைபர் குற்றப் புகார் ஒன்றையும் பதிந்து, அதன் எண்ணை எழுதிக் கொடுத்தார். "இந்தப் படம் இன்னும் எங்கெங்க போகுமோ தெரியாது. நாளைக்கி வேற யாராச்சும் வந்து கேட்டா, இதக் காட்டுங்க."

அடுத்த நாள் அந்தப் போலிப் பதிவை நீக்கச் சொல்லி, அது நடந்த லோடு வெப்சைட்டுக்கு மெர்லின் போன் செய்தார். அங்கே பேசியவர் பெயர் நிலவன்.

"அவருதான் உண்மையான தண்டாயுதபாணின்னு உறுதி பண்ணணுங்க. அவர லைசென்ஸப் பிடிச்சு ஒரு செல்ஃபி அனுப்பச் சொல்லுங்க."

மெர்லின் சொன்னார், "தம்பி, அந்தப் படம் ஏற்கனவே உங்ககிட்ட இருக்கு. அத வச்சுத்தான் ஏமாத்தியிருக்காங்க. இன்னொண்ணு அனுப்பினா, அதயும் அவங்களே அனுப்பினதாக் கூட இருக்கலாமே. எந்தப் படத்த எப்படி நம்புவீங்க?"

நிலவன், "அப்ப நேரடியா வீடியோல அவரப் பாக்கலாங்க. மேலதிகாரிகிட்ட கேட்டுச் செய்யறேன்" என்றார்.

வீடியோ அழைப்பு வந்த நம்பர் உண்மையாகவே அந்த நிறுவனத்துடையதுதானா என்று அவர்களின் வெப்சைட்டில் மெர்லின் சரிபார்த்த பிறகே, தண்டாயுதபாணி கேமரா முன்னால் உட்கார்ந்தார். தலையை இடப்பக்கம் திருப்பச் சொன்னது திரை. திருப்பினார். கண் சிமிட்டச் சொன்னது. திரையில் அப்போது தோன்றிய நாலு எண்களைப் படிக்கச் சொன்னது. படித்தார். அதை அவர் மட்டும், அந்த நொடியில் மட்டும்தான் செய்ய முடியும். லைசென்ஸில் இருப்பது இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய படம். சுருட்டை முடி, மெலிந்த கழுத்து. இப்போது வழுக்கையும் வெள்ளைத் தாடியும். இரண்டும் ஒருவரேதான் என்று திரை பச்சை காட்டியது.

அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். "என்ற பொண்டாட்டிகூட அந்தப் படத்த பாத்து நீங்கதானான்னு கேட்டாளுங்க. இந்தக் கேமராவுக்கு எப்படிங்கம்மிணி தெரிஞ்சுது?"

"கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல இருக்கற அளவு மாறாதாம் அண்ணா. வயசானாலும்."

"அப்ப அத ஒளிச்சு வெக்கவும் முடியாது" என்றார் அவர்.

அன்று மதியம் மெர்லின் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு முந்நூற்றுப் பதினொரு படங்களையும் அழித்தார். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே சொடுக்கில் முடித்திருக்கலாம். அப்படிச் செய்ய மனம் வரவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து, முகத்தைப் பார்த்து, பிறகு அழித்தார். கஸ்பார் அண்ணன் படம் வந்தபோது சிலுவை போட்டுக்கொண்டார். கடைசியில் கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். நம்பி வந்து அட்டையை நீட்டிய இத்தனை பேரை இவ்வளவு காலம் கவனியாமல் விட்டோமே என்று நெஞ்சு கனத்தது. இத்தனை பேர் தன்னை நம்பினார்களே என்று அதே நெஞ்சு மலைத்தது.

இப்போது யார் வந்தாலும் அவர் முதலில் வெப்சைட்டின் முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்கிறார். படம் கட்டாயமா, வேறு வழி உண்டா என்று பார்க்கிறார். கட்டாயமென்றால், எந்த வெப்சைட்டுக்காக, எந்தத் தேதியில் என்று ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி அட்டையோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்கிறார். அந்த எழுத்தையும் கில்லாடிகள் படத்திலிருந்து அழிக்கலாம் என்று சொல்லியே எடுக்கிறார். அனுப்பியதும் வந்தவரின் கண் முன்னாலேயே தன் கம்ப்யூட்டரில் அழிக்கிறார்.

கரூர் பெட்ஷீட்டு மூட்டைகள் கிடைக்கவில்லை. ஆனால் ஆடி மாதத்தில் மதுமதி போன் செய்தார். அதே படத்தில் ராஜஸ்தானில் ஒரு வாடகை வீடும், ஒடிசாவில் இரண்டு சிம் கார்டும் எடுக்க முயற்சி நடந்திருந்தது. மூன்றையும் புகார் எண்ணைக் காட்டி நிறுத்தியாகிவிட்டது.

மெர்லின் அதைத் தண்டாயுதபாணிக்குப் போனில் சொன்னார். அவர் லாரியை நிறுத்திவிட்டு ரோட்டோரம் நின்றிருந்தார். கடந்துபோகும் வண்டிகளின் இரைச்சல் கேட்டது.

"இருபத்தாறு வருசமா வண்டி ஓட்டறனுங்கம்மிணி. ராஜஸ்தான் நான் பாத்ததில்லீங்க" என்றார். பிறகு, யாரிடமோ அனுமதி கேட்பதுபோல, "அந்த வீடு எப்படி இருந்துச்சாம்?" என்று கேட்டார்.