பேசினுக்கு அடியில் ஈரம்

கல்யாண வீட்டுக்குப் போனாலும் கண்ணாயிரம் முதலில் கை கழுவும் இடத்துக்குத்தான் போவார். கை கழுவுவதற்காக அல்ல. யாரும் பார்க்காத நேரமாகக் குனிந்து, வாஷ்பேசினுக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். ஈரம் இல்லையென்றால்தான் பந்தியில் போய் உட்காருவார். அவர் மனைவி ஆதிலட்சுமி இதைச் சொல்லிச் சொல்லியே சொந்தக்காரர்களைச் சிரிக்க வைப்பாள். "எங்க வூட்டுக்காரரு பொண்ணு மாப்பிள்ளைய எங்க பாக்கறாரு? பேசினத்தான் பாக்கறாரு" என்பாள். பாவம், அவளுக்குக் காரணம் தெரியாது.

காரணம், எழுபத்தொன்பதாம் வருஷத்துக் கார்த்திகை தீபம். கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் மாடி அறைகளுக்குப் புதிதாக பேசின் வைத்தவர் கண்ணாயிரம். பேசினின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு துவாரம் இருக்கும். தண்ணீர் நிரம்பினால் அதன் வழியாக, பீங்கானுக்கு உள்ளேயே ஓடும் வழியில் இறங்கி, கழிவுக் குழாயின் பக்கவாட்டுப் பிளவுகளில் நுழைந்து போய்விட வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். சொட்டு விழவில்லை. சரி, பிரமாதம் என்று கையை உதறிக்கொண்டு இறங்கிவிட்டார். அடைப்பை மூடி, தண்ணீரை மேல் துவாரம் வரை நிரப்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. தீபத்துக்கு முன்னால் பதினாறு அறை முடித்தாக வேண்டும் என்ற அவசரம். அவசரம் என்ன அவசரம், சோம்பேறித்தனம் என்று பிற்பாடு தன்னையே திட்டிக்கொள்வார்.

தீபத்தன்று அறைக்கு வந்த ஒருவர் சவரம் செய்ய அடைப்பை மூடிக் குழாயைத் திறந்திருக்கிறார். தண்ணீர் வரவில்லை. குழாயை மூடாமலே தீபம் பார்க்கக் கிளம்பிவிட்டார். பிறகு தண்ணீர் வந்தது. பேசின் நிரம்பியது, மேல் துவாரம் வாங்கிக்கொண்டது. ஆனால் உள்ளே இறங்கிய தண்ணீரில் ஒரு பங்கு, கழிவுக் குழாயின் திருகு மரை வழியாக, அதை அடியில் இறுக்கிப் பிடிக்கும் பேக் நட்டுக்குக் கீழே கசிந்தது. மரையில் சணல் சுற்றியிருந்தால் கசிந்திருக்காது. கண்ணாயிரம் சுற்றவில்லை. கசிந்தது தரையில் ஓடி, கதவுக்கு அடியில் புகுந்து நடைக்கு வந்தது. வாளியோடு வந்த மணியம்மாள், அங்கே பெருக்கித் துடைக்கிற பெண்பிள்ளை, வழுக்கி விழுந்து படிக்கல்லில் தலை அடிபட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

பாக்கி வேலைக்காக அன்று லாட்ஜில் இருந்த கண்ணாயிரத்தை, தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக் குழாயை மூட மேனேஜர் அனுப்பினார்; அறைக்குள் முதலில் போனவர் அவர்தான். அடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தார். குழாயை மூடி, அடைப்பை எடுத்தார். அறைத் தரையைத் தன் துண்டாலேயே துடைத்தார். சணல் சுற்றி நட்டை முறுக்கினார். வெளியே வந்து "மூடிட்டேங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நடையைத் துடைத்த ஈரத்தில் மணியம்மாள் வழுக்கிவிட்டாள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவரும் தலையாட்டினார்.

அன்றிலிருந்து பேசினுக்கு அடியில் குந்தினால் போதும், முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பார்கள். பினாயில் வாசனை அடிக்கும். திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள். ஏழு வருஷமாகப் பட்டப்பகலில் இப்படித்தான். அவருக்குப் பயம் பழகவே இல்லை.

எண்பத்தாறில், அபுதாபியிலிருந்து திரும்பிய கோதண்டராமன் ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் வீடு கட்டினார். கூடவே, பேசினின் கழிவுக் குழாயும் மூடியும் சேர்ந்த ஒரு வெளிநாட்டு வேஸ்ட் செட்டும் கொண்டுவந்திருந்தார். சங்கிலியும் ரப்பர் மூடியும் கிடையாது. குழாய்க்குப் பின்னால் இருக்கும் குமிழைத் தூக்கினால் மூடி இறங்கித் தண்ணீரைத் தேக்கும், அழுத்தினால் மூடி எழும்பும். "இத உங்களால மாட்ட முடியுமா, கண்ணாயிரம்? மெட்ராஸ்லேர்ந்து ஆள் வரச்சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டு அவர் பேங்குக்குக் கிளம்பினார். கண்ணாயிரத்துக்குச் சுருக்கென்றது. மெட்ராஸ்காரன் வந்து என்ன, மந்திரமா போடப்போகிறான்?

கழிவுக் குழாயின் விளிம்புக்கு அடியில் மக்குப் பசையை உருட்டி வைத்தார். பிளவுகளை அது அடைத்துவிடாமல் பார்த்துக்கொண்டார். மூடியை ஏற்றி இறக்கும் கம்பி நுழையும் துளை சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கும்படி குழாயை இறக்கினார். கீழே ரப்பர் வாஷர், பிளவுகளுக்குக் கீழே மரையில் சணலும் வெள்ளைப் பேஸ்டும், அப்புறம் பேக் நட். மேல்பாகம் சுழன்றுவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் இறுக்கினார். கம்பியின் உருண்டை முனையைத் துளையில் வைத்து அதன் சின்ன நட்டைத் திருகினார். அதிகம் இறுக்கினால் கம்பி அசையாது, கம்மியானால் கசியும். இரண்டு தரம் தளர்த்தி, இரண்டு தரம் இறுக்கினார். குமிழோடு கம்பியைச் சேர்த்தார். அடைப்பை மூடி, குழாயைத் திறந்துவிட்டு, அடியில் செய்தித்தாளை விரித்துக் குந்தினார். தண்ணீர் ஏறி மேல் துவாரத்தில் விழத் தொடங்கியது.

பினாயில் வாசனை அடித்தது. பின்னால் ஆள் நின்றது.

இந்தத் தடவை திரும்பினால், நிஜமாகவே ஆள் இருந்தது. மணியம்மாளின் அதே நெற்றி, அதே வாளி. கண்ணாயிரத்தின் கையிலிருந்த ஸ்பேனர் தரையில் விழுந்தது.

"பயந்துட்டீங்களா மேஸ்திரி? இந்த வூட்ல வேல செய்யறேங்க. பாஞ்சாலை" என்றாள் அந்தப் பெண். இருபது வயது இருக்கும். "தண்ணி கீழ ஊத்திச்சான்னு பாக்க வந்தேன். ஈரம்னா எனக்கு ஆவாது."

"ஏம்மா?"

"எங்கம்மாவ நான்தான் கொன்னுட்டேன்" என்றாள், கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோல. "லாட்ஜுல வேல செஞ்சுது. மணியம்மானு பேரு. தீபத்துக்குக் கூட்டம் ஜாஸ்தின்னு என்னையும் இட்டுனு போச்சு. நடையெல்லாம் நான்தான் தொடச்சேன். நல்லா புழிஞ்சுதான் தொடச்சேன், காஞ்சும் போச்சுன்னு எனக்கு ஞாபகம். ஆனா அம்மா விழுந்தப்ப தண்ணி நின்னுச்சே. அப்ப நான்தான சரியா தொடக்கல? எங்கப்பன் அன்னிலேர்ந்து எங்கூட ஒரு வார்த்த பேசல. சோறு போட்டா எடுத்துக்குவாரு, மொகத்தப் பாக்க மாட்டாரு."

கண்ணாயிரம் செய்தித்தாளைப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. ஏழு வருஷமாக, தான் மறைத்த பாவம் தன்னோடு இருக்கிறது என்று நினைத்திருந்தார். அது ஒரு பதின்மூன்று வயதுக் குழந்தையின் தலையில் போய் உட்கார்ந்திருந்தது.

"நீ நல்லாத்தாம்மா தொடச்சிருக்கற" என்றார். "தண்ணி அறையிலேர்ந்து வந்துச்சு. பேசின் நான் வச்சது. ஒழுகிச்சு. நான்தான் அத யாருக்கும் தெரியாம தொடச்சேன்."

அவள் நம்பவில்லை. பெரியவர் ஆறுதலுக்காகச் சொல்கிறார் என்று நினைத்தது முகத்தில் தெரிந்தது. "இன்னா மேஸ்திரி, பேசின் எப்பிடி வெளிய வரைக்கும் ஒழுகும்?"

வாயால் சொல்லிப் பயனில்லை. கண்ணாயிரம் தண்ணீரை வடித்தார். பேக் நட்டைக் கீழே இறக்கினார். ஒரு மணி நேரம் பார்த்துப் பார்த்துச் சுற்றிய சணலைப் பிய்த்து எடுத்தார். மரையைச் சுத்தமாகத் துடைத்து, அன்றைக்குப் போலவே வெறுமனே நட்டை முறுக்கினார். அடைப்பை மூடிக் குழாயைத் திறந்தார்.

இருவரும் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் மேல் துவாரத்தை எட்டியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நட்டின் அடியில் ஈரம் துளிர்த்து, திரண்டு, விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. செய்தித்தாள் நனைந்தது, தண்ணீர் அதைத் தாண்டி வாசற்படிப் பக்கம் நெளிந்து ஓடியது. பாஞ்சாலை கையை நீட்டி அதைத் தொட்டாள். துடைக்கவில்லை.

கன்னத்தில் அறைவாள் என்று கண்ணாயிரம் காத்திருந்தார். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கப்பன் ஆஸ்பத்திரியில கீறாரு" என்றாள் அவள். "இன்னிக்கோ நாளைக்கோன்னு சொல்லிட்டாங்க. கண்ணு முழிக்கறாரு, காது கேக்குது." அவளே எட்டிக் குழாயை மூடினாள். "எழுந்திரிங்க மேஸ்திரி. அவருகிட்ட வந்து சொல்லுங்க."