தம்பி எழுதாமல் விட்ட ஸ்டாண்டு

எழுதித் தராத ஒன்றை, நிச்சயம் செய்வான் என்ற நம்பிக்கையில் கணக்கில் சேர்க்கலாமா? மூன்று சோலார் கொட்டேஷன்களைப் பார்த்து முடித்த பிறகும் இதற்கு மட்டும் எனக்கு விடை தெரியவில்லை.

மதுரை பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு மாடியில் சோலார் போடலாம் என்று சொன்னது மாமனார்தான். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் மிச்சமிருந்ததை அதற்கென்று ஒதுக்கினார். குழந்தை பிறந்த பிறகு ஏசி ஓடாத இரவே கிடையாது. கரண்ட் பில்லைப் பார்த்து அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதனாலேயே எனக்குப் பயம். அவர் பணத்தில் ஒரு ரூபாய்கூட என்னால் வீணாகிவிடக் கூடாது. கணவர் ஷிஃப்ட் வேலையில் இருப்பவர். "நீதான் படிச்சவ, நீயே பாரு" என்று ஒதுங்கிக்கொண்டார்.

மூன்று பேரிடம் விலை கேட்டோம். திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு கம்பெனி, கோரிப்பாளையத்தில் கடை வைத்திருக்கும் ஒரு பாய், மூன்றாவது என் தம்பி. அவன் போன வருடம்தான் இந்தத் தொழிலில் இறங்கினான். மதுரைக்குள் இன்னும் ஒரு வீடுகூடச் செய்யவில்லை. எங்கள் வீடு முதலாவதாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அடுத்த மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. அவன் மடியில்தான் அவளை உட்கார வைக்க வேண்டும்.

மூவரும் எழுதியிருந்தது 'மூணு கிலோவாட்'. விலைதான் வேறு வேறு. கம்பெனி ஒரு லட்சத்து எட்டாயிரம், தம்பி ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து நூறு, பாய் இரண்டு லட்சத்துப் பதினேழாயிரத்து எண்ணூறு. கம்பெனிக்காரர் 'ஒரு வாட் முப்பத்தாறு ரூபாய்தான்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் மாமனாரிடம் சொல்ல மாடிப்படி வரைக்கும் போய்விட்டேன். பாதிப் படியில் ஏதோ உறுத்த, திரும்பி வந்தேன்.

கீழே சின்ன எழுத்தில் இருந்தது: அரசு மானியம் எழுபத்தெட்டாயிரத்தைக் கழித்த பிறகான விலை. மானியம் யார் போட்டாலும் பிறகு நம் வங்கிக் கணக்குக்கு வருவது. ஒருவர் கழித்தும் மற்றவர்கள் கழிக்காமலும் சொன்னால் எப்படி ஒப்பிடுவது? அதைத் திரும்பச் சேர்த்தேன். பேனல்களை எண்ணினேன், ஐந்நூற்று நாற்பது வாட்டில் ஐந்து. மொத்தம் இரண்டாயிரத்து எழுநூறு வாட்தான். இன்வெர்ட்டர் மட்டும்தான் மூன்று கிலோவாட். கூரையில் வெயில் வாங்கப்போவது பேனல். வகுக்க வேண்டியதும் அதன் வாட்டால்தான். முப்பத்தாறு ரூபாய் அறுபத்தொன்பதை நெருங்கிவிட்டது. அதற்கு மேலும், பேனலைத் தாங்கும் ஸ்டாண்டை உயர்த்த, பதினைந்து மீட்டருக்கு மேல் வயர் இழுக்க, மின்வாரியத்துக்குக் கட்ட என்று எல்லாவற்றுக்கும் தனிக் காசு. எங்கள் மீட்டர் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பதினைந்து மீட்டர் படிக்கட்டு வரைக்கும்கூட வராது.

'டியர் ஒன் (Tier 1) பேனல்' என்று கம்பெனிக்காரர் நான்கு இடத்தில் எழுதியிருந்தார். அதைத் தரத்துக்குக் கொடுத்த முதல் மார்க் என்று நானும் நினைத்திருந்தேன். தேடிப் படித்ததில், வங்கிகள் நம்பிக் கடன் கொடுக்கும் அளவுக்குத் தயாரிப்பாளர் பெரியவர் என்பதற்கான பட்டியலாம் அது. பேனலின் தரத்துக்குச் சான்று கிடையாது. போன் செய்து, "பேனலுக்குள்ள இருக்குற செல்லும் இந்தியாவுல செஞ்சதுதானா சார்? இல்லேன்னா மானியம் வராதாமே?" என்று கேட்டேன். "கேட்டுச் சொல்றேன் மேடம்" என்றார். இன்றுவரை சொல்லவில்லை.

பாய் மாடிக்கு வந்து, மீட்டர் வரைக்கும் டேப் பிடித்து அளந்துவிட்டுப் போயிருந்தார். ஐந்நூற்றைம்பது வாட்டில் ஆறு பேனல், மூவாயிரத்து முந்நூறு வாட். வரி, ஏழடி ஸ்டாண்டு, மூன்று எர்த் குழி, வாரியக் கட்டணம் எல்லாம் உள்ளே. துளை போட்ட சுவரைப் பூசுவது மட்டும் நம் பொறுப்பு என்று அதையும் எழுதியிருந்தார். வாட்டுக்கு அறுபத்தாறு ரூபாய்.

"கொஞ்சம் குறைக்க முடியாதா பாய்?"

"குறைச்சா எதையாச்சும் கழட்டணும்மா. எதைக் கழட்டட்டும், நீங்களே சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தம்பியின் தாள் ஒரே பக்கம். அவனும் அதே ஆறு பேனல்தான், அதே இந்தியத் தயாரிப்பு. இன்வெர்ட்டருக்கு மட்டும் பாய் பத்து வருட வாரன்டி; இவன் எட்டு. வாட்டுக்கு ஐம்பத்தேழு ரூபாய். ஆனால் ஸ்டாண்டு உயரம், எர்த், வயர் தூரம், வாரியக் கட்டணம் எதைப் பற்றியும் ஒரு வரி இல்லை. ஒப்பிட நான் போட்டிருந்த அட்டவணையில், எழுதாதவற்றை 'இல்லை' என்று மற்ற இருவருக்கும் குறித்த மாதிரியே அவனுக்கும் குறித்தேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்த தம்பி அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டான்.

"ஏக்கா, என் பேருக்கு நேர இம்புட்டு 'இல்லை'யா? எங்க அக்கா வீட்டுக்கு எர்த் போடாம விட்டுருவேனா?"

"ஸ்டாண்டு?"

"ஏழடி போடுவேன். பிள்ளை துணி காயப்போட வேணாமா உனக்கு?"

"அதை எழுதலியேடா."

"தாய்மாமன் கம்மல் கொண்டு வாரேன், மோதிரம் கொண்டு வாரேன்னு எழுதிக் குடுத்துட்டா சீர் செய்யிறான்?"

"செஞ்சதுக்கப்புறம் மொய் நோட்டுல எழுதத்தானே செய்யிறோம்?"

உள்ளேயிருந்து மாமனாரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. "மாட்டுனியா மாப்ள!" என்றபடி வெளியே வந்தார். பிறகு என்னிடம், "தம்பிக்கே குடுத்துரும்மா. அவன் என்ன நம்மள ஏமாத்தவா போறான்?" என்றார்.

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"விலை அதேதானா? இதெல்லாம் சேர்த்து?" என்று தம்பியைக் கேட்டேன். "அதேதான்க்கா, மிச்சத்தை நான் பாத்துக்குறேன்" என்றான். அப்போதுதான் புரிந்தது. அவன் ஏமாற்றவில்லை, அக்கா வீட்டு ஸ்டாண்டையும் வயரையும் தன் கையிலிருந்து போட நினைத்திருக்கிறான். மாமனாருக்கு மிச்சமாகும் பணம் என் தம்பியின் நஷ்டமாக இருந்திருக்கும்.

"உன் கூலி, லாபம் எல்லாம் சேர்த்து ஒழுங்கா எழுதிட்டு வாடா" என்றேன். "வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மகளைத் தூக்காமலே போய்விட்டான்.

நேற்றுப் புதுத் தாள் வந்தது. ஒன்றையும் விடவில்லை. முப்பத்து மூவாயிரம் கூடி இரண்டு லட்சத்து இருபத்தோராயிரத்து நூறு. வாட்டுக்கு அறுபத்தேழு. பாயைவிட ஒரு ரூபாய் அதிகம், மொத்தத்தில் மூவாயிரத்து முந்நூறு. இன்வெர்ட்டர் வாரன்டி இரண்டு வருடம் குறைவு. இருவருமே ஐந்து வருடம் இலவச சர்வீஸ் தருவதாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் தம்பியின் தொழிலுக்கே இப்போதுதான் ஒரு வயது.

நேர்மையாகப் பார்த்தால் பாய்க்குத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் இந்தத் தாளை நேர்மையாக எழுத வைத்ததே நான்தான். முதல் தாளோடு விட்டிருந்தால் தம்பிதான் ஜெயித்திருப்பான், கைக்காசைப் போட்டாவது. பணம் என்னுடையதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அவனுக்குக் கொடுத்துவிடுவேன். அது மாமனாருடையது, அவரோ அவனுக்கே கொடு என்கிறார். அதைத் தாராளம் என்று எடுத்துக்கொள்வதா, என் மனம் நோகக் கூடாதென்று சொல்கிறாரா? மழையில் ஸ்டாண்டு போல்ட் வழியே ஒழுகினால் பாயிடம் சத்தம் போடலாம். தம்பியிடம் போட முடியுமா?

மூன்று தாள்களும் சாமி அலமாரியில் இருக்கின்றன. இந்த வார முடிவுக்குள் மாமனாரிடம் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டில் சோலார் போட்டவர்களும், சொந்தத்துக்கு வேலை கொடுத்து நல்லதோ கெட்டதோ பட்டவர்களும் எனக்கு எழுதுங்கள்: அந்த ஒரு ரூபாயையும் இரண்டு வருட வாரன்டியையும் தம்பிக்காக விட்டுக்கொடுக்கலாமா? வேண்டாம் என்றால், காதுகுத்துக்கு முன்னால் அதை அவனிடம் எப்படிச் சொல்வது?