ஊசி டீச்சரும் முப்பத்தெட்டாவது கேள்வியும்

எங்கள் விடைத்தாள் திருத்தும் முகாமில் அவருக்கு ஊசி டீச்சர் என்று பெயர். வைத்தது நான்தான். பக்கத்து நாற்காலிக்காரர் கூட்டிய மதிப்பெண்ணையும் எட்டிப் பார்த்து, "சார், முப்பத்தாறு இல்ல, முப்பத்தேழு" என்று குத்துவார். சொன்னது சரியாகவே இருக்கும். அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது.

வீட்டிலும் அப்படித்தானாம். பீரோ வாங்கப் போனபோது மாடிப்படித் திருப்பத்தை அளந்து எழுதிய சீட்டோடு போய், கடைக்காரரை அரை மணி நேரம் நிற்க வைத்தாராம். "எங்க மருமக கொட்டாவி விட்டாக்கூட சரிபார்த்துட்டுத்தான் விடுவா" என்று அவர் மாமியார் சொல்வாராம். இதைச் சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னவரும் ஊசி டீச்சரே. தன்னைப் பற்றிய கேலியை மறைக்கத் தெரியாத மனுஷி. முன்கோபம் இல்லை, பணிவும் இல்லை. இந்த இரண்டும் இல்லாதவரோடு ஒரே மேஜையில் உட்காருவது லேசான காரியமில்லை.

ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்டில் கணக்கு டீச்சர். கணவருக்குப் பஸ் பட்டறையில் வேலை. அந்த வருடம் நிரந்தரமாக்கும் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பட்டியலுக்குக் கையெழுத்துப் போடும் குழுவில் எங்கள் தலைமைத் திருத்துநரும் ஒருவர். முகாம் முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வேலை கையில். இது மேஜையில் இருந்த மற்ற ஐந்து பேருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் காலை, முப்பத்தெட்டாவது கேள்வி அவர் பங்குக்கு வந்தது. ஐந்து மதிப்பெண். ஒரு பட்டறையில் பெரிய பையும் சின்னப் பையும் தைக்கிறார்கள். எந்தப் பை என்றாலும் வெட்ட ஒரு மணி நேரம். வெட்டுவதற்கு இருப்பது பதினொரு மணி நேரம். தைக்கப் பெரியதற்கு மூன்று மணி நேரம், சின்னதற்கு ஒன்று, இருப்பது இருபத்தொன்று. பெரிய பைகள், சின்னப் பைகளைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது. பெரியதில் லாபம் ஐந்து, சின்னதில் மூன்று. அதிகபட்ச லாபம் என்ன? வரைபடம் போட்டு, ஏற்புடைய பகுதியை நிழலிட்டு, மூலைப்புள்ளிகளைச் சோதித்துச் சொல்லவேண்டும். விடைக்குறிப்பில் ஆறு பெரியது, மூன்று சின்னது, லாபம் முப்பத்தொன்பது என்று இருந்தது.

ஊசி டீச்சர் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். தலைமைத் திருத்துநர் மேடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், முப்பத்தெட்டுக்கு விடைக்குறிப்பு தப்பு. இந்தப் பிள்ளை அஞ்சு பெரிசு, ஆறு சின்னது, நாப்பத்திமூணுன்னு எழுதியிருக்கு. அதுதான் சரி."

"அந்தக் குறிப்பை யார் போட்டதுன்னு தெரியுமா?"

"நீங்கதான் சார்."

தலைமைத் திருத்துநர் பேனாவை எடுத்து, கூடமே கேட்கும்படி உரக்கப் போட்டுக் காட்டினார். "ஆறும் மூணும் ஒன்பது. பதினொண்ணுக்குள்ள. மூவாறு பதினெட்டு, மூணு சேத்தா இருபத்தொண்ணு. ஆறு, மூணோட ரெண்டு மடங்கு. மூணு நிபந்தனையும் பொருந்துது. இன்னும் என்னம்மா வேணும்?"

"பொருந்துது சார். ஆனா அதைவிடப் பெரிசு இருக்கே. அஞ்சு, ஆறு போட்டுப் பாருங்க. பதினொண்ணு, சரி. பதினஞ்சும் ஆறும் இருபத்தொண்ணு, சரி. ஆறோட ரெண்டு மடங்கு பன்னெண்டு, அஞ்சு அதுக்குள்ள. இருபத்தஞ்சும் பதினெட்டும் நாப்பத்திமூணு."

"அது நிழலுக்கு வெளியில இருக்கு."

"நிழலே தப்பான பக்கம் விழுந்திருக்கு சார். அதனாலதான் அந்த மூலையை நீங்க சோதிக்கவே இல்ல. அந்த ரெண்டு மடங்குக் கோட்டுக்கு எந்தப் பக்கம்னு எப்படி எடுத்தீங்க?"

"ஆதிப்புள்ளி வச்சுத்தான். சைபருக்குச் சைபர் பொருந்துது. அதனால ஆதிப்புள்ளி பக்கம்."

"அந்தக் கோடே ஆதிப்புள்ளி வழியாத்தான் போகுது. அதை வச்சா எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்? உங்க குறிப்புல ஏழு, சைபர்னு ஒரு மூலை இருக்கு. ஏழு பெரிய பை, சின்னப் பை ஒண்ணுகூட இல்ல. சைபரோட ரெண்டு மடங்கு சைபர்தானே? ஏழு அதுக்குள்ள அடங்குமா?"

அந்த ஒரு கேள்வியோடு விஷயம் முடிந்திருக்கவேண்டும். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று உட்கார்ந்திருப்பவரிடம் நாலாவது காலைப் பிடித்துக் காட்டினால், அவருக்கு வருவது அறிவல்ல, ஆத்திரம்தான்.

"கான்ட்ராக்ட் டீச்சர் வந்து எனக்குச் சைபர் சொல்லிக் குடுக்கறாங்க, பாத்துக்கங்க" என்றார். கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். "குறிப்புப்படி ரெண்டு மார்க் போட்டுக் கையெழுத்துப் போடுங்க. லிஸ்ட்ல பேர் இருக்குல்ல? அது இருக்கட்டும்."

ஊசி டீச்சர் திரும்பி வந்து பேனாவை மூடிவைத்துவிட்டார். ஆறு கையெழுத்தும் இல்லாமல் எங்கள் மேஜையின் விடைத்தாள் கட்டு நகராது; கட்டு நகராமல் எங்களைச் சாப்பிட விடமாட்டார்கள். மற்ற மேஜைகள் காலியாயின. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். எங்களுக்கு முதலில் பறந்தது மரியாதை.

"ஊரோடு ஒத்துப் போகத் தெரியாதா உங்களுக்கு?" என்றார் எதிரே இருந்த அம்மா.

"ஒரு கையெழுத்து. அதைப் போட்டுத் தொலைங்களேன்" என்றேன் நான்.

"நீங்க போட்டுப் பாத்தீங்களா சார்?" என்று என்னைக் கேட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

இரண்டரை மணிக்கு முகாம் அலுவலர் வந்தார். அவர் வரலாறு படித்தவர். கோடும் நிழலும் அவருக்கு ஒன்றுதான். மேஜையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கேட்டார்: "இவங்க சொல்றது சரியா?" ஒருவர் தெரியாது என்றார். இரண்டு பேர் கவனிக்கவில்லை என்றார்கள். எதிரே இருந்த அம்மா தலைமைத் திருத்துநரின் முகத்தைப் பார்த்து, "குறிப்பு சரின்னுதான் நினைக்கிறேன்" என்றார். கடைசியில் என்னிடம் வந்தார்.

எனக்கு முகாமின் முதல் நாளே நாற்பத்துமூன்று வந்திருந்தது. வீட்டில் போட்டுப் பார்த்தேன், இரண்டு முறை. மறுநாள் குறிப்பைப் பார்த்து, சரியாக எழுதியிருந்த பதினேழு பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு மதிப்பெண் போட்டேன். நான் நிரந்தர ஆசிரியன். என்னை யாரும் அசைக்கமுடியாது. இருந்தும் அலுவலரிடம், "குறிப்புல இருக்கறபடிதான் சார் நான் திருத்தறேன்" என்றேன். பொய்யில்லை. பொய்யைவிடக் கேவலம்.

ஒழுங்கீனம் என்று எழுதி ஊசி டீச்சரை அன்றே வெளியே அனுப்பினார்கள். ஒருவர் குறைந்தால் ஐந்து கையெழுத்து போதும்; அதற்கும் கீழே போனால்தான் கட்டு செல்லாது. போகுமுன், மேஜையின் அன்றாடப் பதிவுத்தாளில் குறிப்பு எழுதும் கட்டத்தில் நான்கு மூலைகளையும் அவற்றின் லாபத்தையும் பொடி எழுத்தில் எழுதிவைத்தார்: சைபர், முப்பத்தொன்பது, நாற்பத்துமூன்று, முப்பத்துமூன்று. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனார்.

அந்தப் பதிவுத்தாள் மேலிடம் போயிற்று. ஐந்தாம் நாள் சுற்றறிக்கை வந்தது: முப்பத்தெட்டாம் கேள்வியின் விடைக்குறிப்பில் அச்சுப்பிழை, எல்லாத் தாள்களையும் மறுபடி திருத்தவும். தலைமைத் திருத்துநரே அதை மேடையில் வாசித்தார், அச்சகத்துக்காரனைத் திட்டியபடி. கையெழுத்தான நிரந்தரமாக்கும் பட்டியலும் அதே வாரம் வந்தது. அதில் ஊசி டீச்சரின் பெயர் இல்லை.

நாலு நாள் கட்டையும் மறுபடி பிரிக்கவேண்டும் என்றதும் கூடமே கொதித்தது. தப்பாக நிழலிட்டவரை ஒருவரும் திட்டவில்லை. "எல்லாம் அந்த ஊசியால" என்றார்கள்.

மத்தியானம் வராந்தாவில் நின்று அவருக்குப் போன் செய்தேன். பாவமன்னிப்புக் கேட்கவா, புண்ணியம் கட்டிக்கொள்ளவா, எனக்கே தெரியவில்லை.

"டீச்சர், குறிப்பை மாத்திட்டாங்க. நாப்பத்திமூணுதான்."

"தெரியும் சார்."

"எனக்கும் அன்னிக்கே தெரியும். சொல்லியிருந்தா என்னையும் உங்ககூட அனுப்பியிருப்பாங்க. அதான்..."

கூட்டல் பிழையைச் சொல்லும் அதே குரலில் சொன்னார்:

"ஒருத்தரை அனுப்பலாம் சார். ரெண்டு பேரை அனுப்பினா உங்க மேஜையில கட்டு முடியாது. நீங்க வாயைத் திறந்திருந்தா ரெண்டு பேருமே உள்ள இருந்திருப்போம்."

போனை வைத்துவிட்டார். அவர் போட்ட கணக்கில் பிழை இல்லை. நான் உள்ளே போய், பதினேழு தாள்களையும் தேடி எடுத்து, இரண்டை அடித்துவிட்டு ஐந்து போட்டேன்.