அயர்ன் மாஸ்டரின் நூற்றுப் பதினெட்டு

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் பார்கோடு அடிக்கும் கம்ப்யூட்டருக்கு நான்தான் பொறுப்பு. அதனால் ஒயர் உள்ளது, ஒயர் இல்லாதது எல்லாமே எனக்குத் தெரியும் என்று முதலாளிக்கு ஒரு நம்பிக்கை. நானும் அதைக் கெடுத்ததில்லை.

அயர்ன் மாஸ்டர், பனியன் தேய்க்கும் நீராவி மேஜையில் ஒருநாள் மயங்கி விழுந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். உட்கார்ந்திருக்கும்போது இதயத் துடிப்பு நூற்றைத் தாண்டாவிட்டால் மேஜைக்குத் திரும்பலாம், தாண்டினால் கேட்டில் வாட்ச்மேன் வேலைதான் என்றார் முதலாளி. மாஸ்டர் மணிக்கட்டில், தீபாவளிக்குக் கம்பெனி எல்லோருக்கும் கொடுத்த, துடிப்பு காட்டும் பேண்ட். அதோடு லேப்டாப்பை இணைத்துக் காட்டுவது என் வேலை.

"மேஜைய புடுங்கத்தான இந்த ஏற்பாடு?" என்றார் மாஸ்டர்.

"இல்லீங்கண்ணா, சும்மா பாக்கறதுக்குத்தான்" என்றேன். என் சிரிப்பை எனக்கே நம்பத் தோன்றவில்லை.

இரண்டு மாடி ஏறி வந்த என் மூச்சு அடங்குவதற்குள் லேப்டாப்பின் புளூடூத்தில் தேடினேன். பேண்டின் பெயர் திரையில் வந்தது, இணைத்தேன். இதயத் துடிப்புச் சேவையைக் கண்டுபிடித்து, மாறும்போதெல்லாம் சொல் என்று உத்தரவு கொடுத்தால் போதும், பேண்டே எண்களை அனுப்பிக்கொண்டிருக்கும். வரும் தகவலில் முதல் பைட் வெறும் குறிப்பு, அடுத்த பைட்தான் துடிப்பு எண்.

நூற்றுப் பதினெட்டு.

மாஸ்டர் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷன் நெஞ்சுக்குள் எதையோ மறைக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். நான் எண்ணைத் திருத்துகிறேன் என்று அவருக்குச் சந்தேகம். பின்னால் நின்ற முதலாளிக்கு எங்கள் இருவர் மேலும் சந்தேகம். நூற்று இருபத்திரண்டு. ஐயோ, விழப்போகிறார் என்று எனக்குப் பதறியது. நூற்று இருபத்தேழு.

"ஏனுங்க மாஸ்டர், கேட்டுல ஃபேன் இருக்குதுங்க" என்று முதலாளி மெதுவாக ஆரம்பித்தார்.

மாஸ்டர் பேண்டைக் கழற்றி மேஜையில் வீசினார். "ஒங்க சாமானும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!"

திரையில் நூற்று முப்பது.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். "ஏ தம்பி, இப்ப யாருக்குத் துடிக்கி?"

மூவரும் என் இடது மணிக்கட்டைப் பார்த்தோம். அதே தீபாவளி, அதே பேண்ட், அதே பெயர்.

மாஸ்டரின் பேண்டை மகள் அவர் போனோடு இணைத்துக் கொடுத்திருக்கிறாள். இந்த பேண்ட் ஒரு சமயத்தில் ஒருவரோடுதான் பேசும். போனோடு பேசிக்கொண்டிருந்ததால் தேடலில் வாயே திறக்கவில்லை. என் போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்ததால், என் பேண்ட் சும்மா இருந்து ஊரைக் கூப்பிட்டிருக்கிறது. பெயரைப் பார்த்த நான், அதன் அடியில் பேண்டுக்குப் பேண்ட் மாறும் முகவரி எண்ணைப் பார்க்கவில்லை. நான் பயப்பட எண் ஏறியது. எண் ஏற நான் பயந்தேன்.

என் பேண்டைத் துண்டித்து, அவர் போனில் புளூடூத்தை அணைத்தேன். வேறு முகவரியோடு அவருடையது எட்டிப் பார்த்தது. கட்டச் சொல்லி இணைத்தேன். எழுபத்தாறு. பத்து நிமிஷம் பார்த்தோம், எண்பதைத் தொடவில்லை.

முதலாளி கனைத்தார். "நாளைக்கே மேஜைக்கு வந்துருங்க மாஸ்டர்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க எதுக்கும் ஒரு டாக்டரப் பாத்துருங்க. கேட்டுல ஃபேன் காலியாத்தான் இருக்குது."

மாஸ்டர் மிச்ச டீயை என் பக்கம் நகர்த்தினார். "குடிங்க தம்பி. இப்ப எவ்வளவு காட்டுதுன்னு பாப்போம்."